மூலிகை முடி எண்ணெய்க்குப் பெயரும் ஒருவரி வாக்குறுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி சேர்த்துக் காய்ச்சி விற்கப் போகிறோம். முதலில் பெயரை வைப்பதா, வாக்குறுதியை எழுதுவதா?

வாக்குறுதியை முதலில் எழுதுங்கள். பெயரை முதலில் வைப்பவர்கள் பெரும்பாலும் காதுக்கு இனிமையான, வளர்ச்சியையோ அடர்த்தியையோ குறிக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் பெயருக்கு ஈடாக வாக்குறுதியையும் பெரிதாக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. எண்ணெய் உண்மையில் என்ன செய்யும் என்பதை ஒரு வரியில் எழுதி முடித்த பிறகு பெயரைத் தேடினால், அந்த வரியைத் தாண்டிப் பேசும் பெயர்கள் எல்லாம் தாமாகவே விலகிவிடும்.

அந்த ஒரு வரியை எழுதுவதற்கு ஓர் அடிப்படை வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தலைக்கு வெளியே நாம் பார்க்கும் முடி உயிரற்ற இழை. அது பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேர்க்கால் மட்டுமே. வளர்ச்சி, உதிர்வு, நிறம் ஆகிய மூன்றும் வேர்க்காலில் தீர்மானமாகின்றன. மென்மை, பளபளப்பு, சிக்கு, உடைதல் ஆகியவை இழையில் நடப்பவை. மேலே தடவும் எண்ணெய் இழையின்மீது என்ன செய்கிறது என்பதை நீங்கள் காட்ட முடியும். வேர்க்காலில் என்ன செய்கிறது என்பதை உங்களால் காட்ட முடியாது. ஆகவே வாக்குறுதி முழுவதும் இழையைப் பற்றியதாக இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற விடைகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைப்பவைதாம்.

இழைக்கு எண்ணெய் என்ன நன்மை செய்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்?

முதல் நன்மை வழுக்குத்தன்மை. முடியின் மேற்புறம் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதில்களால் ஆனது. முடி உலர்ந்திருக்கும்போது இந்தச் செதில்கள் ஒன்றோடொன்று உரசிச் சிக்குப் பிடிக்கின்றன. எண்ணெய்ப் படலம் அந்த உராய்வைக் குறைப்பதால் சீப்பு எளிதாக இறங்குகிறது, ஒளி சீராகத் தெறிப்பதால் பளபளப்பும் தெரிகிறது.

இரண்டாவது நன்மை தேங்காய் எண்ணெய்க்கே உரியது. 2003இல் ஆர்த்தி ரெலே, ஆர்.பி. மொஹிலே ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. அலசுவதற்கு முன்போ பின்போ பூசியபோது, முடி இழக்கும் புரதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் இழைக்குள் புக முடிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அது முறையாக வெளியிடப்பட்ட ஆய்வு.

எனவே, 'குளிப்பதற்கு முன் தடவினால் முடி மென்மையாகும், சிக்கெடுக்க எளிதாகும்' என்ற அளவில் நீங்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

எங்கள் சிறப்பே மூலிகைதான். அதைச் சொல்லாமல் தேங்காய் எண்ணெயை மட்டும் புகழ்ந்தால் எப்படி?

மூலிகையைச் சொல்லுங்கள், ஆனால் எதற்காகச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மேலே குறிப்பிட்ட ஆய்வு வெறும் தேங்காய் எண்ணெயைப் பற்றியது. அதில் கரிசலாங்கண்ணி இல்லை. 'கரிசலாங்கண்ணி முடியை மென்மையாக்குகிறது' என்று எழுதினால், எண்ணெய் செய்த வேலைக்குரிய பெயரை மூலிகைக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

தயாரிப்பு முறையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் கால் லிட்டர் கரிசலாங்கண்ணிச் சாற்றை ஊற்றிக் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். சாற்றின் பெரும்பகுதி தண்ணீர். பஞ்சுத்திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்காமல் எரியும் பதம் வரும்வரை காய்ச்சும்போது, அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. பிறகு சக்கையையும் வடித்துவிடுகிறோம். எண்ணெயில் எஞ்சுவது நிறமும் மணமும், எண்ணெயில் கரையக்கூடிய சிறிதளவு சத்துக்களும்தான். ஆகவே 'கரிசலாங்கண்ணி எண்ணெய்' என்று போடுவதைவிடக் 'கரிசலாங்கண்ணிச் சாறு சேர்த்துக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்' என்று போடுவது நேர்மையானது. வாங்குபவருக்கு அடிப்படை எண்ணெய் எது என்பதும் மூலிகை எந்த வடிவில் சேர்ந்தது என்பதும் ஒரே தொடரில் தெரிந்துவிடுகின்றன.

இதைப் பலவீனமாக நான் கருதவில்லை. பெரிய எழுத்தில் மூலிகையின் பெயரைப் போட்டுவிட்டு, அடிப்படையாகக் கனிம எண்ணெயைப் பயன்படுத்தும் புட்டிகள் சந்தையில் உள்ளன. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவர் அதை முன்பக்கத்தில் சொல்வது, அவருக்கு உண்மையான வேறுபாட்டைத் தருகிறது.

'முடி வளரும்', 'வழுக்கையில் முடி முளைக்கும்', 'இளநரை மாறும்' என்று எல்லோரும் போடுகிறார்களே, நாங்கள் போட்டால் என்ன?

இந்தியச் சட்டத்தில் இதற்கு இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940இன்படி, உடலில் தடவிச் சுத்தம் செய்வதற்கும் அழகூட்டுவதற்கும் தோற்றத்தை மாற்றுவதற்கும் உரியதே அழகுசாதனப் பொருள். ஒரு நோயைக் குணமாக்கும் அல்லது தடுக்கும் என்று சொன்ன கணத்தில், புட்டிக்குள் இருப்பது மாறாவிட்டாலும், அது மருந்து என்ற வகைக்குள் போய்விடுகிறது.

சரி, மருந்தாகவே விற்கிறோம் என்றால் அங்கும் தடை நிற்கிறது. அச்சட்டத்தின் கீழ் வந்த 1945ஆம் ஆண்டு விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைக் குணமாக்குவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதன் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இளநரையும், முடியின் நிறம் மாறுதலும் புதுமுடி வளர்தலும் இடம்பெற்றிருக்கின்றன.

இதற்கு மேலாக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய்வரை விதிக்கலாம். மற்றவர்கள் போடுகிறார்கள் என்பது அங்கே எடுபடாது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தானாகவே வளர்கிறது. மூன்று மாதம் எண்ணெய் தடவியவருக்கு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தால் அது எண்ணெயின் வேலை என்று எப்படிச் சொல்வது?

'முடி உதிர்வைக் குறைக்கும்' என்றாவது போடலாமா?

அப்படியே போடக் கூடாது. காரணத்தோடு சுருக்கிப் போட்டால் இடம் உண்டு. சீப்பில் வரும் முடிகள் இரண்டு வகை. ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் போன்ற வேர்முனை இருந்தால், அந்த முடி தன் காலம் முடிந்து வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள்வரை இப்படி உதிர்வது இயல்பு. வேர்முனை இல்லாமல், குட்டையாகவோ முனை பிளந்தோ இருந்தால், அது உடைந்த முடி. எண்ணெய் குறைக்கக்கூடியது இந்த இரண்டாவது வகையை மட்டுமே, ஏனென்றால் உடைதல் உராய்விலிருந்தும் வறட்சியிலிருந்தும் வருகிறது.

ஆகவே 'சீவும்போது முடி உடைவதைக் குறைக்கிறது' என்பது சரியான வரம்புக்குள் நிற்கும் வாக்கியம். 'உடைவதால் ஏற்படும் முடி உதிர்வைக் குறைக்கிறது' என்று சில நிறுவனங்கள் எழுதுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். எழுத்தளவில் அது உண்மைதான். ஆனால் கடையில் நின்று படிப்பவரின் கண் 'முடி உதிர்வைக் குறைக்கிறது' என்பதில்தான் நிற்கும். நான் அதைத் தவிர்க்கவே சொல்வேன். 'உதிர்வு' என்ற சொல் வந்தாலே, வேரோடு முடி கொட்டும் கவலையில் இருப்பவர் தனக்குரிய மருந்து இது என்று நம்பி வாங்குகிறார். அந்தக் கவலைக்குப் பின்னால் தைராய்டு கோளாறோ இரும்புச்சத்துக் குறைவோ இருந்தால், அவர் மருத்துவரிடம் போக வேண்டிய மாதங்களை உங்கள் புட்டி எடுத்துக்கொண்டுவிடும்.

எங்கள் எண்ணெயால் முடி கொட்டுவது நின்றுவிட்டதாக வாடிக்கையாளர்கள் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அது பொய்யில்லையே?

அவர்கள் பொய் சொல்லவில்லை; ஆனால் அவர்கள் கண்டதற்குக் காரணம் எண்ணெயாக இருக்க வேண்டியதில்லை. கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீர் எடைக் குறைவு ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது வழக்கம். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். ஒருவர் எண்ணெய் தேடி வருவது எப்போது? உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான். அன்றிலிருந்து எதைத் தடவியிருந்தாலும், எதையும் தடவாமலே இருந்திருந்தாலும், அடுத்த சில மாதங்களில் குறைந்திருக்கும். குழந்தை பெற்ற பெண்களிடமிருந்து இத்தகைய நன்றிக் கடிதங்கள் அதிகம் வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கடிதத்தை விளம்பரத்தில் போட்டால், அது உங்கள் கூற்றாகவே கருதப்படும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவரின் சொற்கள் போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்றும் ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. 'மணம் பிடித்திருக்கிறது', 'தலை பிசுபிசுப்பாக இல்லை', 'மகளுக்குச் சிக்கெடுக்கும்போது அழுகை இல்லை' போன்ற கருத்துகளை, எழுதியவரின் ஒப்புதலோடு தாராளமாகப் போடுங்கள். அவை அவர்கள் நேரடியாக உணர்ந்தவை. முன்–பின் புகைப்படங்களை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. வகிடு எடுத்த இடமும் வெளிச்சமும் சற்று மாறினாலே தலை அடர்த்தியாகத் தெரியும்.

பெயரில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

வாக்குறுதியாக எழுத முடியாததைப் பெயராக வைக்கக் கூடாது என்பதே அளவுகோல். வளர்ச்சி, முளைப்பு, அடர்த்தி, கருமை, மீட்பு, நிவாரணம் ஆகிய பொருள் தரும் எந்தச் சொல்லும், வடமொழியில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், பெயருக்குள் ஒளிந்திருக்கும் வாக்குறுதிதான். புட்டியின் பின்புறம் எவ்வளவு நிதானமாக எழுதினாலும், முன்புறத்தில் 'வளர்' என்று இருந்தால் வாங்குபவர் அதையே நினைவில் வைத்திருப்பார். நேரமும் எண்ணும் கூடாது. '30 நாள்' என்பது பெயரில் வந்தால் அது காலக்கெடு வைத்த வாக்குறுதி.

மருத்துவச் சாயல் கொண்ட சொற்கள் இன்னொரு வகை. 'தைலம்' என்பதற்குப் பொதுவழக்கில் எண்ணெய் என்ற பொருளும் உண்டென்றாலும், புட்டியின்மேல் அதைப் பார்ப்பவர் மருந்தாகவே எடுத்துக்கொள்கிறார். 'வைத்தியம்', 'சிகிச்சை', 'சஞ்சீவி', சித்தர்களின் பெயர்கள் ஆகியவையும் அப்படித்தான்.

படங்களும் பெயரின் பகுதியே. முழங்கால்வரை தொங்கும் கூந்தலைப் படமாகப் போட்டுவிட்டு, எழுத்தில் மட்டும் மென்மை பற்றிப் பேசினால், படம் சொன்னதே நிற்கும்.

அப்படியானால் என்ன பெயர் வைக்கலாம்? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

விளைவைப் பெயராக்காமல், எண்ணெயைப் பயன்படுத்தும் வேளையையோ இடத்தையோ செயலையோ பெயராக்குவது நல்ல வழி. உங்கள் எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். அது தலைக்குக் குளிப்பதற்கு முன் தடவுவதற்கும், பிறகு சிக்கெடுத்துப் பின்னுவதற்கும் உரியது. 'நீள்கூந்தல்' என்று யோசித்தால் நீளத்தை வாக்களிக்கிறது, விலக்கிவிடலாம். 'கார்குழல்' அழகான சொல், ஆனால் கருமையை வாக்களிக்கிறது. நரைத்தவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்வார். 'மூலிகை முடி எண்ணெய்' யாரையும் ஏமாற்றாது. ஆனால் எல்லோருடைய எண்ணெய்க்கும் பொருந்தும் என்பதால் உங்களுடையது என்று அடையாளம் காட்டாது, வணிகக்குறியாகப் பதிவதும் கடினம்.

'திண்ணைப் பின்னல்' என்ற பெயரைப் பாருங்கள். திண்ணையில் உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிடும் பழக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சிக்கெடுத்தல், பின்னுதல் என்ற செயலை இது நினைவூட்டுகிறது. அந்தச் செயலில்தான் உங்கள் எண்ணெய் உதவுகிறது. எந்த நோயையும் எந்த நீளத்தையும் அது குறிக்கவில்லை. இதன்கீழே, பொருளை விளக்கும் தொடரைச் சிறிய எழுத்தில் தனியாக வையுங்கள்: 'கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி சேர்த்துக் காய்ச்சிய தேங்காய் முடி எண்ணெய்.' அடையாளத்தைப் பெயரும் உண்மையை விளக்கத் தொடரும் தாங்கிக்கொண்டால், இரண்டுக்கும் சுமை குறைகிறது. படத்துக்குப் பின்னலின் ஒரு முடிச்சை மட்டும் வரைந்தால் போதும். முழுப் பின்னலை வரைந்தால் மீண்டும் நீளம் வந்துவிடும்.

ஒருவரி வாக்குறுதியை எப்படிச் செதுக்குவது?

முதல் வரைவாக 'வேர் முதல் நுனி வரை ஊட்டமளித்து, முடியைப் பலமாக்கும்' என்று பலரும் எழுதுவார்கள். இங்கே 'வேர்' என்றதும் எல்லையைத் தாண்டிவிட்டோம். 'ஊட்டம்' என்பது உணவு ஊட்டுவதுபோல் ஒலிக்கிறது. உயிரற்ற இழை எதையும் உண்பதில்லை, வேர்க்காலுக்கு ஊட்டம் இரத்தத்திலிருந்து வருகிறது. 'பலம்' என்பதை அளந்து காட்டக் கருவி வேண்டும். மூன்றையும் நீக்கினால் வாக்கியமே மிஞ்சாது.

இரண்டாவது வரைவு: 'முடியை மென்மையாகவும் பளபளப்பாகவும் வைத்திருக்கும்.' இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் எப்போது, எப்படி என்று தெரியவில்லை. எந்த எண்ணெய்க்கும் பொருந்துகிறது. எப்போதாவது ஒருநாள் தடவியவர் மறுவாரம் 'மென்மையாக இல்லையே' என்று கேட்டால் பதில் இல்லை.

மூன்றாவது வரைவில் பயன்படுத்தும் முறையை வாக்குறுதிக்குள்ளேயே வைத்தோம்: 'தலைக்குக் குளிப்பதற்கு முன் தடவுங்கள், உலர்ந்த முடி மென்மையாகும், சிக்கெடுக்க எளிதாகும்.' இதில் நிபந்தனை இருக்கிறது, எந்த வகை முடிக்கு என்ற குறிப்பு இருக்கிறது, வாங்கியவர் முதல் குளியலிலேயே தன் சீப்பைக் கொண்டு சோதித்துப் பார்க்கக்கூடிய விளைவும் இருக்கிறது. எண்ணெய்ப் பசை மிகுந்த தலை உள்ளவர் 'உலர்ந்த முடி' என்பதைப் படித்து வாங்காமல் போகலாம். போகட்டும், அவருக்கு இது பொருந்தாது.

'ஒரே அலசலில்', 'முற்றிலும்', 'நிரந்தரமாக', 'எல்லா வகை முடிக்கும்' போன்ற அடைகள் கடைசி நிமிடத்தில் வடிவமைப்பாளர் மேசையில் நுழையும். அச்சுக்குப் போகும் முன் அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

அந்த வரி உண்மைதான் என்று நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஆய்வுக்கூடம் இல்லாமலும் ஓரளவு நம்பத்தக்க சோதனையைச் செய்யலாம். நீண்ட, உலர்ந்த முடியுள்ள இருபது பேரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் உறவினராகவோ பணியாளராகவோ இல்லாதவர்கள் நல்லது. ஒவ்வொருவரின் தலையையும் நடுவகிடெடுத்துப் பிரித்து, குளிப்பதற்கு முந்தைய இரவு ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணெயைத் தடவுங்கள். பத்துப் பேருக்கு இடப்பக்கம், பத்துப் பேருக்கு வலப்பக்கம். மறுநாள் இரண்டு பக்கத்தையும் ஒரே ஷாம்பு கொண்டு நன்றாக அலசி, உலர்ந்த பிறகு, எந்தப் பக்கம் எண்ணெய் தடவியது என்று தெரியாத ஒருவர் சீவ வேண்டும். சீப்பு எத்தனை முறை சிக்கி நின்றது, சீப்பில் வேர்முனை இல்லாத உடைந்த முடிகள் எத்தனை என்பதை இரு பக்கத்துக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். நான்கு வாரம், வாரம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

ஒரே தலையில் இரு பக்கத்தையும் ஒப்பிடுவதால் வயது, உணவு, தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு எண்ணெய்ப் பக்கம் தெளிவாக எளிதாக இருந்தால் வாக்குறுதியை வைத்துக்கொள்ளலாம். பாதிப் பேருக்குத்தான் வேறுபாடு தெரிந்தது என்றால் வாக்குறுதியை மாற்ற வேண்டும். தாள்களைத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். கூற்றுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கப்பட்டால் காட்ட அதுவே உங்களிடம் இருக்கும். ஆனால் இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு 'மருத்துவமுறையில் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதக் கூடாது.

பெரிதாகச் சொல்லிவிட்டு, நட்சத்திரக் குறி போட்டுக் கீழே விளக்கம் கொடுத்தால் போதாதா?

போதாது. 2022ஆம் ஆண்டு நெறிகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் முதன்மைக் கூற்றை விளக்கலாம், அதற்கு முரண்படவோ தவறான கூற்றைத் திருத்தவோ கூடாது. கூற்று தமிழில் இருந்தால் விளக்கமும் தமிழிலேயே இருக்க வேண்டும். நட்சத்திரக் குறி தேவைப்படும் வாக்கியம் கிடைத்தால், கீழே உள்ள விளக்கத்தை மேலே கொண்டுவந்து அதையே வாக்குறுதியாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் நல்ல வாக்குறுதியாக இருக்கும்.

'100% இயற்கை', 'கெமிக்கல் இல்லாதது', 'சித்த மருத்துவ முறையில் தயாரித்தது' ஆகியவை?

எண்ணெய் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு துளி பாதுகாப்புப் பொருளோ, மணத்துக்குச் செயற்கை வாசனையோ சேர்த்திருந்தால், '100% இயற்கை' என்பது பொய்யாகிவிடும். பொருட்பட்டியலில் அதை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதால், புட்டியின் முன்புறமும் பின்புறமும் ஒன்றை ஒன்று மறுக்கும். ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ளவை எடையில் இறங்குவரிசையில் பட்டியலில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே அடிப்படை எண்ணெய் எது என்பதையும் யாரும் மறைக்க முடியாது. 'கெமிக்கல் இல்லாதது' என்பது எப்படிப் பார்த்தாலும் தவறு; லாரிக் அமிலமும் வேதிப்பொருளே. 'செயற்கை வாசனை சேர்க்கவில்லை' என்பதுபோல், எது இல்லையோ அதைப் பெயர் சொல்லி எழுதுவது நல்லது, அது உண்மையாக இருக்கும்பட்சத்தில்.

சித்த, ஆயுர்வேத என்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டுமானால் அந்த முறைக்குரிய தனி உற்பத்தி உரிமம் வேண்டும். அழகுசாதன உரிமத்தில் தயாரித்து அந்தச் சொற்களைப் பொறிப்பது முறையல்ல.

வீட்டிலேயே காய்ச்சி இணையத்தில் விற்கிறோம். எங்களுக்கும் இவ்வளவு தேவையா?

தேவை. விற்பனைக்காக அழகுசாதனப் பொருளைத் தயாரிக்க, அளவு சிறிதானாலும், அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020இன்கீழ் மாநில அரசின் உரிமம் பெற வேண்டும். சொந்த இடம் அந்த விதிகளுக்குப் பொருந்தாவிட்டால், உரிமம் உள்ள கூடத்தில் உங்கள் செய்முறைப்படி தயாரிக்கச் செய்யலாம். உரிம எண், தொகுதி எண், தயாரிப்பாளரின் முகவரி, எந்த மாதம்வரை பயன்படுத்தலாம் என்ற விவரம் ஆகியவை இல்லாத புட்டியின்மேல் எவ்வளவு அடக்கமான வாக்குறுதியை எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை.

பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்வது எப்படி?

முடி எண்ணெய் அழகுசாதனம் என்பதால் மூன்றாம் வகுப்பில் வரும். மருந்துகளுக்குரியது ஐந்தாம் வகுப்பு. விண்ணப்பிக்கும் முன் tmrsearch.ipindia.gov.in தளத்தில் மூன்றாம் வகுப்பில் தேடுங்கள். எழுத்து ஒன்றாக இருப்பதை மட்டுமல்லாமல், ஒலி ஒத்திருப்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் எல்லா வழிகளிலும் தேடுங்கள். மேலே எடுத்துக்காட்டாகத் தந்த பெயரையும் இப்படித் தேடிப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

வணிகக்குறிச் சட்டம், 1999 பொருளின் தன்மையை வெறுமனே விவரிக்கும் பெயர்களையும், மக்களை ஏமாற்றக்கூடிய பெயர்களையும் மறுக்கிறது. விளைவைப் பெரிதாக்கும் பெயர் இந்த இரண்டு தடைகளில் ஒன்றிலாவது சிக்க வாய்ப்பு அதிகம்.

புட்டியில் கவனமாக எழுதிவிட்டோம். கடைக்காரர்களும் எங்கள் சமூக ஊடகப் பதிவுகளும் பெரிதாகப் பேசினால்?

உங்கள் கணக்கில் வரும் பதிவும், நீங்கள் பணம் கொடுத்து ஒருவரைப் பேசவைக்கும் காணொளியும் சட்டத்தின் பார்வையில் விளம்பரமே. பணம் பெற்றுப் பேசுபவர் அதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். அவரிடம் வாக்குறுதியை எழுத்தில் கொடுத்து, வளர்ச்சி, உதிர்வு, பொடுகு, நரை ஆகிய நான்கைப் பற்றியும் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். பொடுகைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு: தலையின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழும் ஈஸ்ட் வகைக்கு அதில் பங்கிருப்பதால், எண்ணெயை ஊறவைப்பது சிலருக்குப் பொடுகை மிகுவிக்கக்கூடும்.

கடைக்காரருக்கு ஒரு சிறு அட்டை கொடுங்கள். 'இதைத் தடவினால் முடி வளருமா?' என்று வாடிக்கையாளர் கேட்டால் அவர் சொல்ல வேண்டிய பதில் அதில் இருக்கட்டும்: 'இது முடியை மென்மையாக்கிச் சிக்கெடுக்க உதவும் எண்ணெய். முடி அதிகமாகக் கொட்டினால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.' சில விற்பனைகள் இதனால் போகும். போகும் அந்த விற்பனைகள், மூன்று மாதம் கழித்துப் புட்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் சண்டையிட்டிருக்கக்கூடியவை.

செய்முறையைப் பிறகு மாற்றினால் வாக்குறுதியையும் மாற்ற வேண்டுமா?

எதை மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செம்பருத்தியின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ வாக்குறுதிக்குப் பாதிப்பில்லை, ஏனென்றால் அது செம்பருத்தியின்மேல் நிற்கவில்லை. ஒரு மூலிகையை நீக்கினால் விளக்கத் தொடரும் பொருட்பட்டியலும் மாற வேண்டும். தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது வேறு எண்ணெயைக் கலக்கலாம் என்ற எண்ணம் வரும். அப்போது விளக்கத் தொடர் பொய்யாகிவிடுவதோடு, வாக்குறுதியின் அடித்தளமும் மாறிவிடுகிறது. கலந்த எண்ணெயைக் கொண்டு பாதித்தலைச் சோதனையை மறுபடியும் செய்து, முடிவைப் பார்த்த பிறகே பழைய வரியை வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை பழைய அட்டைப்பெட்டிகளைப் புதிய எண்ணெய்க்குப் பயன்படுத்தக் கூடாது.